காவல் நிலையத்தில் பிறக்கும் எண்கள்

2020ஆம் ஆண்டு நினைவிருக்கும். கடைத்தெருக்கள் பூட்டிக் கிடந்தன, பேருந்துகள் ஓடவில்லை. பால் வாங்கப் போனவரைக்கூடப் போலீஸ் நிறுத்திக் கேள்வி கேட்டது. திருடனுக்கும் ஊரடங்குதான். அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் குற்றம் குறைந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வேறு விதமாகச் சொன்னது. இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 2019இல் பதிவான வழக்குகள் 1,68,116. 2020இல் 8,91,700. ஒரே ஆண்டில் ஐந்து மடங்குக்கும் மேல் உயர்ந்து, உத்தரப் பிரதேசத்தையும் மகாராஷ்டிரத்தையும் தாண்டித் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது. அறிக்கையின் அந்த ஒரு வரியை மட்டும் பார்ப்பவர், மாநிலமே கொள்ளைக்காடாகிவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்.

நடந்தது சிறிய விஷயம். ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள்மீது 188ஆம் பிரிவில், அதாவது அரசு ஊழியரின் உத்தரவை மதிக்காத குற்றத்துக்காக, வழக்குப் போட்டார்கள். நாடு முழுவதும் 2019இல் இந்தப் பிரிவில் பதிவானவை 29,469 வழக்குகள். 2020இல் 6,12,179. அவற்றில் பெரும்பங்கு நம் மாநிலத்தில் எழுதப்பட்டது. 2021 பிப்ரவரியில், ஊரடங்கு மீறலுக்காகப் போடப்பட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அதே 2020இல் தமிழ்நாட்டில் கொலை வழக்குகள் 1,745இலிருந்து 1,661ஆகக் குறைந்திருந்தன.

குற்றப் புள்ளிவிவரம் படிக்க வேண்டிய முறை இந்த ஒரு உதாரணத்திலேயே இருக்கிறது. அறிக்கையில் இருப்பது நடந்த குற்றங்களின் கணக்கு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது அலுவலகங்கள் செய்த வேலையின் கணக்கு. காவல் நிலையம் எத்தனை வழக்கு எழுதியது, நீதிமன்றம் எத்தனை வழக்கை முடித்தது என்பதுதான் அதில் இருக்கிறது. எழுதப்படாத குற்றத்துக்கு அங்கே இடமில்லை.

ஒரு செல்போன் தொலைந்த கதை

எண் பிறக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். கூட்டமான பேருந்தில் உங்கள் சட்டைப் பையிலிருந்து செல்போனை யாரோ உருவிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி, நீங்கள் புகார் கொடுக்கப் போவீர்களா? பலர் போவதில்லை. போனால் கிடைக்காது, அலைச்சல்தான் மிச்சம் என்று புது போன் வாங்கிவிடுவார்கள். ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிட்யூட் 2017இல் டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பில், திருட்டுக்கு ஆளானவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களின் புகாரே முதல் தகவல் அறிக்கையாகியிருந்தது.

போனீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எழுத்தர் உங்கள் புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுக்கலாம். மனு பெறப்பட்டது என்பதற்கான சான்று அது, அவ்வளவே. வழக்குப் பதிவாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. "திருடு போனதுன்னு எழுதாதீங்க, காணாமப் போச்சுன்னு எழுதுங்க, சிம் வாங்க அது போதும்" என்று சொல்லவும் கூடும். நீங்களும் சம்மதித்துவிட்டால் ஒரு திருட்டு, தொலைந்த பொருளாக மாறிவிடும். குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் அது ஏறவே ஏறாது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் அந்தத் திருட்டு, எண்ணாகும்.

குற்றத்தைப் பதிவு செய்யாமல் அமுக்குவதற்குக் காவல் துறை வட்டாரத்தில் ‘பர்க்கிங்’ என்று ஒரு பழைய சொல் உண்டு. ஆட்களை மூச்சுத் திணறடித்துக் கொன்று, பிணத்தை விற்றதற்காக 1829இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் பர்க்கின் பெயரிலிருந்து வந்தது. மூச்சடைத்துக் கொன்றால் உடலில் காயம் தெரியாது. புகாரை அமுக்கினாலும் அறிக்கையில் தடம் தெரியாது. கைது செய்வதற்குரிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் கட்டாயம் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு தேவைப்பட்டதே நிலைமை எப்படி இருந்தது என்பதைக் காட்டும்.

இதிலிருந்து விசித்திரமான விளைவு ஒன்று பிறக்கிறது. புகாரை மறுக்காமல் வாங்கும் காவல் துறைக்கு, அறிக்கையில் குற்றம் அதிகம் என்ற கெட்ட பெயர் கிடைக்கும். துரத்திவிடும் காவல் துறைக்கு அமைதிப் பூங்கா என்ற நல்ல பெயர். டெல்லியில் வாகனத் திருட்டுக்கு இணையத்திலேயே எஃப்.ஐ.ஆர். பதியும் வசதி 2015இல் வந்தது. நிலையத்தில் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்றானபின், திருட்டுக் கணக்கில் டெல்லி பிற நகரங்களை விடத் தனியாக உயர்ந்து நிற்பதில் வியப்பில்லை. குற்ற எண்ணிக்கை கூடுவதும் குற்றப் பதிவு கூடுவதும் ஒன்றல்ல என்ற எச்சரிக்கையைக் குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் அச்சிடுகிறது. செய்தித்தாளின் தலைப்பில் அந்த வரிக்கு மட்டும் இடம் கிடைப்பதில்லை.

சொல்லப்படாத குற்றம்

திருட்டைவிட, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. இதற்குத் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

கணவனாலோ அவர் குடும்பத்தாராலோ கொடுமைக்கு ஆளான பெண் தரும் புகார் 2024 ஜூன் வரை 498ஏ பிரிவில் பதிவானது. கேரளத்தின் மக்கள்தொகை தமிழ்நாட்டில் பாதிதான். ஆனால் இந்தப் பிரிவில் அங்கே பதிவான வழக்குகள் இங்கே பதிவானவற்றைப்போலப் பல மடங்கு. போலீஸ் கணக்கை மட்டும் வைத்தால், கேரளத்து ஆண்கள்தான் மனைவியை அடிப்பவர்கள், தமிழ்நாட்டு ஆண்கள் தங்கமானவர்கள்.

இப்போது இன்னொரு கணக்கைப் பார்ப்போம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் களப்பணியாளர் வீட்டுக்கே வருகிறார். ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம், வேறு யாரும் அருகில் இல்லாதபோது பேசுகிறார். "உங்களுக்கு வன்முறை நடந்ததா?" என்று பொதுவாகக் கேட்பதில்லை. அறைந்தாரா, தள்ளினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். ஏனெனில் ஓர் அறையை வன்முறை என்றே எண்ணாத பெண்கள் இங்கே உண்டு. 2019-21 கணக்கெடுப்பில், கணவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்ன திருமணமான பெண்கள் தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். கேரளத்தில் 9.9 சதவீதம். படம் தலைகீழாகிவிட்டது.

எந்தக் கணக்கு பொய்? இரண்டுமே பொய்யில்லை. ஒன்று நடந்ததை அளக்கப் பார்க்கிறது. மற்றது, நடந்தவற்றில் காவல் நிலையப் படி ஏறியதை அளக்கிறது. அதே கணக்கெடுப்பின்படி, வன்முறையைச் சந்தித்த இந்தியப் பெண்களில் அதைத் தடுக்க யாரிடமாவது உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு, போலீசுக்கு அல்ல. கணக்கெடுப்பு எண்ணும் முழு உண்மை ஆகிவிடாது. அந்நியர் ஒருவரிடம் வாய் திறக்காத பெண்கள் அதிலும் விடுபடுவார்கள். ஆனாலும் போலீஸ் கணக்கு விட்டுவிட்ட பெரும்பகுதியை அது காட்டிவிடுகிறது.

ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட ஓரளவு நம்பகமான எண் எது என்று கேட்டால், கொலை என்பார்கள். பிணத்தை மறைப்பது கடினம். அதனால்தான் 2020இன் கதையைக் கொலை எண்ணிக்கையை வைத்துச் சரிபார்த்தோம். மொத்தக் குற்றம் ஐந்து மடங்கு கூடியது என்று ஒரு எண்ணும் கொலை சற்றுக் குறைந்தது என்று இன்னொரு எண்ணும் சொன்னால், கூடியது பதிவு என்று சந்தேகப்படலாம்.

டெல்லியில் 2012இல் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 706. மறு ஆண்டு 1,636. ஓராண்டில் கொடியவர்கள் இரண்டு மடங்காகிவிடவில்லை. 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப்பின் பெண்கள் வாய் திறந்தார்கள், புகாரை மறுக்கக் காவல் துறை அஞ்சியது. 2013இல் சட்டம் திருத்தப்பட்டு, வல்லுறவுக்கான வரையறையும் விரிந்தது. சம்மதத்துக்குரிய வயது 16இலிருந்து 18 ஆனது. முன்பு குற்றமாக எழுதப்படாத செயல்களும் கணக்கில் ஏறின. எண் ஏறியதில் ஒரு நல்ல செய்தியும் அடங்கியிருந்தது.

27 சதவீதம் என்றால் என்ன?

அடுத்து, அடிக்கடி மேடையேறும் எண். 2022இல் பாலியல் வல்லுறவு வழக்குகளில் தண்டனை விகிதம் 27.4 சதவீதம். இதை வைத்து ஒரு தரப்பு, நூறு குற்றவாளிகளில் 73 பேர் தப்பிவிட்டார்கள் என்கிறது. இன்னொரு தரப்பு, நூறில் 73 பெண்கள் பொய்ப் புகார் தருகிறார்கள் என்கிறது. இரண்டு முடிவுக்கும் அந்த எண்ணில் ஆதாரமில்லை.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். அந்த ஆண்டு விசாரணை முழுமையாக முடிந்த வழக்குகள் 18,517. அவற்றில் தண்டனை கிடைத்தவை 5,067. குற்றம் நிரூபிக்கப்படாமல் விடுதலையானவை 12,062. விசாரணை தொடங்குமுன்பே குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவை 1,388. 5,067ஐ 18,517ஆல் வகுத்தால் 27.4 சதவீதம் வரும்.

வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள். அது அந்த ஆண்டு முடிந்த வழக்குகள் மட்டுமே. அந்த ஆண்டு புதிதாகப் பதிவானவை 31,516. நீதிமன்றங்களில் விசாரணைக்காக இருந்தவை, பழையவற்றையும் சேர்த்து 1,98,285. இந்தப் பெரிய எண்ணால் வகுத்தால் தண்டனை 2.6 சதவீதமாகச் சுருங்கும். பதிவானவற்றால் வகுத்தால் 16 சதவீதம் வரும். அதிர்ச்சி தர விரும்புபவர் 2.6ஐ எடுத்துக்கொள்வார். ஆனால் முடியாத வழக்கைத் தோற்ற வழக்காகக் கணக்கிடுவது நியாயமில்லை. 16க்கோ பொருளே இல்லை. 2022இல் தண்டனை கிடைத்த வழக்குகளில் பெரும்பாலானவை அதற்குப் பல ஆண்டுகள் முன்பு பதிவானவை. இந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு, இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேறியவர்களை வகுப்பதைப்போன்ற வேலை அது.

ஆகவே 27.4 சொல்வது இவ்வளவுதான்: பல ஆண்டுகளாகக் காத்திருந்து, 2022இல் தீர்ப்பு வரை வந்துசேர்ந்த வழக்குகளில் நான்கில் ஒன்றைச் சற்றுத் தாண்டி அரசுத் தரப்பு நிரூபித்தது. 2022இல் காவல் துறை எப்படிப் புலனாய்வு செய்தது என்று அறிய விரும்புபவருக்கு அதில் பதில் இல்லை. இந்த ஆண்டின் தண்டனை விகிதம் பழைய புலனாய்வுகளின் மதிப்பெண் பட்டியல்.

விடுதலை என்றால் பொய்ப் புகார் என்றும் கொள்ளக் கூடாது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். சாட்சி பிறழ்ந்திருக்கலாம், தடயம் கெட்டிருக்கலாம், மருத்துவப் பரிசோதனை தாமதமாகியிருக்கலாம். புகாரே தவறாகவும் இருந்திருக்கலாம். இதை அறிய ஒவ்வொரு தீர்ப்பாகப் படிப்பதைத் தவிர வழியில்லை. பத்திரிகையாளர் எஸ். ருக்மிணி 2014இல் அதைத்தான் செய்தார். டெல்லி மாவட்ட நீதிமன்றங்கள் 2013இல் முடித்த வல்லுறவு வழக்குகளின் தீர்ப்புகளைப் படித்து ‘தி இந்து’ ஆங்கில நாளிதழில் எழுதினார். முழு விசாரணை நடந்த 460 வழக்குகளில் 189 வழக்குகள், காதலித்து வீட்டைவிட்டுப் போன ஜோடிகள் தொடர்பானவை. பெரும்பாலும் பெண்ணின் பெற்றோர் பையன்மீது கொடுத்த புகார்கள். 109 வழக்குகள், மணம் செய்வதாக வாக்களித்து ஏமாற்றியதாகச் சொல்லப்பட்டவை. இவை போக, பெண் நீதிமன்றத்துக்கு வராமலோ பிறழ் சாட்சியாகியோ முடிந்தவை 123. ஒரே தலைப்பில் எண்ணப்படும் வழக்குகளுக்குள் இத்தனை வெவ்வேறு வாழ்க்கைகள் இருக்கின்றன. ஜோடியைப் பிரிக்கப் போட்ட வழக்கில் வரும் விடுதலையும், மிரட்டலுக்குப் பயந்து சாட்சி பிறழ்ந்து வரும் விடுதலையும் அறிக்கையில் ஒரே கட்டத்தில்தான் விழுகின்றன.

தண்டனை விகிதம் உயர்ந்தால் நல்லது என்று நினைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 2019இல் இதே விகிதம் 27.8. 2020இல் 39.3ஆகத் தாவியது. 2021இல் மறுபடி 28.6. கொரோனா ஆண்டில் புலனாய்வு திடீரென்று சிறந்து, அடுத்த ஆண்டே சீரழிந்ததா? நீதிமன்றங்கள் பெரும்பாலும் மூடிக் கிடந்ததால் முடிந்த வழக்குகளே வெகுவாகக் குறைந்தன. வகுக்கும் எண் சிறுத்து, அதற்குள் வந்த வழக்குகளின் கலவையும் மாறிவிட்டது. நீதி மிகக் குறைவாக வழங்கப்பட்ட ஆண்டில் நீதியின் மதிப்பெண் மிக உயர்ந்திருந்தது.

ஜப்பானில் தண்டனை விகிதம் 99 சதவீதத்துக்கும் மேல். அங்கே வெல்வது உறுதி என்று தோன்றும் வழக்குகளை மட்டுமே அரசு வழக்குரைஞர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள், மற்றவற்றை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். நம் ஊரிலும் பலவீனமான வழக்குகளைக் குற்றப்பத்திரிகைக்கு முன்பே ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று எழுதி மூடிவிடும் மாவட்டத்துக்குத் தண்டனை விகிதம் அழகாக இருக்கும். எல்லாவற்றையும் நீதிமன்றத்துக்கு அனுப்பும் மாவட்டம் மோசமாகத் தெரியும். ஆகையால் தண்டனை விகிதத்தைத் தனியாகப் பார்க்காமல், பதிவானவற்றில் எத்தனை குற்றப்பத்திரிகையாயின என்ற எண்ணோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சிறு அபராதம் கட்டி, குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிக்கும் வழக்குகளும் கலந்த மொத்தத் தண்டனை விகிதத்தை வைத்துக் கொடுங்குற்றங்களின் நிலையை மதிப்பிடவும் கூடாது.

தேங்கிய தண்ணீர்

நிலுவை எண்ணைப் படிக்க ஒரு ஏரியை நினைத்துக்கொள்ளலாம். குற்றப்பத்திரிகைகள் வரத்துக் கால்வாய், தீர்ப்புகள் மதகு. அறிக்கை சொல்வது டிசம்பர் 31 அன்று ஏரியில் நிற்கும் தண்ணீரின் அளவு. டிசம்பர் 30இல் தாக்கலான வழக்கும், பதினைந்து ஆண்டுகளாகக் கிடக்கும் வழக்கும் அதில் ஒன்றாகவே நிற்கும். எனவே ‘நிலுவை 90 சதவீதம்’ என்ற செய்தியைக் கண்டதும் கேட்க வேண்டியது, அவற்றின் வயது என்ன என்பது.

வயது தெரியாதபோதும் ஒரு மனக்கணக்குப் போடலாம். 1,98,285இல் முடிந்த 18,517 போனால், வேறு வகையில் தீர்ந்த சிலவற்றைத் தவிர்த்து, சுமார் 1,80,000 மிஞ்சும். ஆண்டுக்கு 18,500 என்ற வேகத்தில், புதிதாக ஒரு வழக்குகூட வராமலிருந்தாலும், ஏரி வற்ற ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகும். வரத்தோ நிற்பதில்லை. வல்லுறவு வழக்கின் விசாரணையைக் குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தின் இரண்டு மாதத்துக்கும் கணக்கின் பத்து ஆண்டுக்கும் இடையில்தான் சாட்சிகள் ஊர் மாறுகிறார்கள், சமரசம் பேசுகிறார்கள், நடந்ததை மறக்கிறார்கள். பெண்ணுக்குத் திருமணமாகி, புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் சாட்சி சொல்ல வர முடியாமல் போகிறது. இன்றைய நிலுவை, நாளைய தண்டனை விகிதத்தை அரிக்கிறது. இரண்டையும் தனித்தனிச் செய்தியாகப் படித்தால் இந்தத் தொடர்பு கண்ணில் படாது.

அடுத்த முறை குற்ற அறிக்கை வெளியாகி, எந்த மாநிலம் முதலிடம் என்று தொலைக்காட்சியில் விவாதம் நடக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இது நடந்த குற்றமா, எழுதப்பட்ட வழக்கா? சதவீதம் என்றால், எதனால் வகுத்தார்கள்? கொலை எண்ணிக்கையும் வீட்டுக் கணக்கெடுப்பும் இதே கதையைச் சொல்கின்றனவா? விவாதத்தில் பேசுபவர் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லவில்லையென்றால், அவர் சொல்லும் முதலிடத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. உங்களுக்கு ஒரு குற்றம் நேர்ந்தால் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள். நடந்தது திருட்டென்றால் திருட்டு என்றே எழுதிக் கொடுங்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு உடனே இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.